நமது சிறப்புச் செய்தியாளர் யார்?

சங்கத்தின் சென்ற ஆண்டு மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் நடுப்பக்கத்துக்குச் சற்று முன்னால் புரட்டிப் பார்க்கலாம். சங்க இலக்கியத்தில் முதுமை பற்றிய கட்டுரை ஒன்று முடிகிறது. எதிர்ப்பக்கத்தில், அதே எழுத்துருவில், அதே இரண்டு பத்திகளாக, 'ஓய்வுக்காலமும் இனிய இல்லமும்' என்று இன்னொரு கட்டுரை தொடங்குகிறது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நமது சிறப்புச் செய்தியாளர்' என்றிருக்கிறது. நம் சங்கத்துக்குச் சிறப்புச் செய்தியாளர் என்று யாரும் கிடையாது, சாதாரணச் செய்தியாளரே கிடையாது. மலர்க்குழுவில் ஐந்து பேர், எல்லாரும் அலுவலகம் முடித்து மாடுங்காவில் கூடி ப்ரூஃப் திருத்துகிறவர்கள்.

அந்தக் கட்டுரை கோவைக்கு அருகே முதியோர் குடியிருப்பு கட்டும் நிறுவனம் ஒன்று எழுதி அனுப்பியது. இரண்டு வண்ணப் பக்கங்களுக்கான கட்டணத்தையும் கொடுத்தது. கணக்கில் அது விளம்பர வரவாகத்தான் இருக்கிறது. மலரில்தான் அது கட்டுரையாக இருக்கிறது. மலர்க்குழுவில் நானும் ஒருவன் என்பதால் இதில் எனக்கும் பங்கு உண்டு. அச்சுக்குப் போகும் அவசரத்தில் எழுத்துப்பிழை பார்த்தேனே தவிர, வேறெதையும் பார்க்கவில்லை.

மலர் வெளிவந்து நாலு மாதம் கழித்து டோம்பிவிலியிலிருந்து ஒரு தொலைபேசி. ஓய்வுபெற்ற ஆசிரியை, நம் பழைய உறுப்பினர். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். "ஏம்ப்பா, நம்ம மலர்ல போட்டிருந்ததை நம்பித்தான் புக்கிங் பணம் கட்டினோம். ஒப்பந்தத்தைக் கையில குடுத்தப்புறம்தான் மாசாமாசம் இவ்வளவு கட்டணும்னே தெரியுது. நீங்கல்லாம் போய்ப் பாத்துட்டுத்தானே எழுதியிருப்பீங்க?" என்றார். நாங்கள் போகவுமில்லை, பார்க்கவுமில்லை, எழுதவுமில்லை. அவர்கள் புக்கிங்கை ரத்து செய்தார்கள், கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதி திரும்ப வரவில்லை. அந்தக் கட்டுரையில் பச்சைப் பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. அதனால்தான் அதை ஒரு இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது அவசியம் என்று எனக்குத் தோன்றியது.

அதன் தொடக்கம் இது: "அமைதி தேடும் நெஞ்சங்களை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் இருகரம் நீட்டி அழைக்கிறது. பிள்ளைகள் தொலைதூரத்தில் வாழும் இன்றைய சூழலில் முதியோர் குடியிருப்புகளின் தேவை வேகமாக அதிகரித்து வருவதாக வல்லுநர்கள் கூறுகின்றனர். அந்த வகையில், கோவைக்கு அருகே உருவாகியுள்ள இக்குடியிருப்பு அனைத்து வசதிகளையும் ஒருங்கே பெற்றுத் திகழ்கிறது. விமான நிலையத்திலிருந்து சில நிமிடத் தொலைவு, 24 மணி நேர மருத்துவ வசதி, சுவையான வீட்டுச் சாப்பாடு எனப் பட்டியல் நீள்கிறது."

முதல் வாக்கியம் அலங்காரம், அதை விட்டுவிடலாம். வேலை செய்வது இரண்டாவது வாக்கியம். 'வல்லுநர்கள் கூறுகின்றனர்' என்பது செய்தித்தாளின் குரல். எந்த வல்லுநர், எங்கே கூறினார் என்று கேட்கத் தோன்றாதபடி அது நம் காதுக்குப் பழகியிருக்கிறது. அதற்கடுத்து 'அந்த வகையில்' என்றொரு சொற்றொடர். பொதுவான ஒரு நிலைமையிலிருந்து ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு நம்மைக் கைபிடித்துக் கூட்டிவருவது இந்தச் சிறு பாலம்தான். தமிழில் விளம்பரக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இது இல்லாமல் கை ஓடாது என்று நினைக்கிறேன். எந்தக் கட்டுரையிலாவது இரண்டாம் பத்தியில் 'அந்த வகையில்' என்று வந்து, உடனே ஒரு நிறுவனத்தின் பெயரும் வந்தால் சற்று நின்று வாசிப்பது நல்லது.

அடுத்து, வினைச்சொற்கள். 'திகழ்கிறது', 'விளங்குகிறது', 'கொண்டாடுகின்றனர்'. யார் எதைச் செய்கிறார் என்று சொல்லும் வினை ஒன்றுகூட இல்லை. பேசுபவர்கள் இரண்டு பேர், நிர்வாக இயக்குநரும் அங்கே மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு பெரியவரும். இரண்டு பக்கத்தில் ரூபாய்க் கணக்கு ஒரே ஒரு இடத்தில் வருகிறது, "முன்பதிவுக்கு 1 லட்சம் மட்டும்" என்று. மொத்த விலை இல்லை, மாதச் செலவு இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இல்லை. வீட்டுத்திட்ட விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11ஆவது பிரிவு. கட்டுரை வேடம் போட்டதால் அந்தக் கடமையே யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. விளம்பரம் என்று தலையில் எழுதியிருந்தால் எங்களில் ஒருவராவது கேட்டிருப்போம்.

இது நம் சங்கத்தில் மட்டும் நேர்ந்த தவறு அல்ல. பெரிய இடங்களில் பெரிய அளவில் நடந்திருக்கிறது, நாம் வாழும் மராட்டிய மாநிலமே அதற்குச் சாட்சி. 2009 சட்டமன்றத் தேர்தலின்போது, ஒன்றுக்கொன்று போட்டியான நாளிதழ்களில் வேட்பாளரைப் புகழும் ஒரே கட்டுரை வார்த்தை மாறாமல் செய்தியாகவே வந்ததை 'தி ஹிந்து'வில் பி. சாய்நாத் வெளிக்கொண்டுவந்தார். இந்தியப் பத்திரிகை மன்றம் அமைத்த துணைக்குழு 2010இல் விரிவான அறிக்கை தந்தது.

ஆனால் நமக்கு அதைவிடப் பாடமாக இருப்பது யவத்மால் விவகாரம். ஏனென்றால் அங்கே அடையாளம் இருந்தது. விதர்பாவின் அந்த மாவட்டத்தில் பி.டி. பருத்தியால் இரண்டு கிராமங்கள் செழித்ததாகவும், அங்கே விவசாயத் தற்கொலையே இல்லை என்றும் 2008இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் நாக்பூர்ப் பதிப்பில் முழுப்பக்கச் செய்தி வந்தது. அதே செய்தி 2011 ஆகஸ்ட் 28 அன்று அதே நாளிதழில் மறுபடி முழுப்பக்கமாக வந்தது, இந்த முறை விதை நிறுவனம் கட்டணம் கொடுத்து. பக்கத்தில் 'எ கன்ஸ்யூமர் கனெக்ட் இனிஷியேட்டிவ்' என்று போட்டிருந்தார்கள். நுகர்வோரோடு தொடர்பு ஏற்படுத்தும் முயற்சியாம்! விளம்பரம் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு மறுபெயர். 2012இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த ஊருக்குப் போனபோது, தற்கொலைகள் நடந்திருக்கின்றன என்று ஊராரே சொன்னார்கள். அடையாளம் போட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடிகிற, ஆனால் வாசகருக்கு எதுவும் புரியாத அடையாளம், அடையாளமே இல்லாததைவிடக் கொஞ்சமும் மேலானது அல்ல.

எனவே முதல் வேலை சொல்லைத் தேர்வது. எங்கள் குழுவில் இதற்கே ஒரு முழு மாலை போயிற்று. 'விளம்பரதாரர் பகுதி' என்றார் ஒருவர். அது வானொலியில் 'வழங்குவோர்' என்று சொல்வதைப் போல, பணம் கொடுத்தவர் வேறு, எழுதியவர் வேறு என்று நினைக்க வைக்கிறது. 'சிறப்புப் பகுதி' என்றால் கேட்கவே வேண்டாம். 'விளம்பரக் கட்டுரை' என்பது நிறுவனத்தின் ஆலோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண் ஓடும் வேகத்தில் 'கட்டுரை' நிற்கிறது, 'விளம்பர' நழுவிவிடுகிறது. கடைசியில் ஒரே சொல்லில் நின்றோம்: விளம்பரம். அதன் கீழே ஒரு வாக்கியம்: "இந்தப் பக்கங்களுக்கான கட்டணத்தை இந்நிறுவனம் செலுத்தியுள்ளது. தகவல்கள் நிறுவனம் அளித்தவை. இது சங்கத்தின் பரிந்துரை அல்ல." நிறுவனத்தின் பெயர் அந்த வாக்கியத்திலேயே வர வேண்டும் என்று முடிவாயிற்று. இந்தக் கட்டுரையில் பெயரை நான் தவிர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது, இடம். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், ஆங்கிலத்தில் 'அட்வர்டோரியல்' என்று 6 பாயிண்டில் போடுவது ஊர் வழக்கம். தலைப்பைப் படித்து, படத்தைப் பார்த்து, முழுதும் நம்பி முடித்தபிறகு கண்ணில் படும் அடையாளத்தால் என்ன பயன்? தலைப்புக்கு மேலே அது இருக்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், விளம்பரத்தில் வரும் பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் கூற்று இருக்கும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பொறுப்புத் துறப்புக்குச் சொன்னது அடையாளத்துக்கும் பொருந்தும் என்றே நான் கொள்கிறேன். தமிழில் ஆசைகாட்டிவிட்டு ஆங்கிலத்தில் எச்சரிப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் நம் வீடுகளின் பழக்கத்திலிருந்து தெரிந்துகொண்டோம். மலரை யாரும் மலராகவே வைத்துக்கொள்வதில்லை. பெரியவர்கள் பக்கத்தைக் கத்தரித்து வைக்கிறார்கள். பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்து வாட்ஸாப்பில் அண்ணனுக்கோ சித்திக்கோ அனுப்புகிறார்கள். டீச்சர் வீட்டிலும் இரண்டாம் பக்கத்தின் படம்தான் பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போயிருக்கிறது. முதல் பக்கத்தில் அடையாளம் இருந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே இரண்டு பக்கத்திலும் அடையாளம் வேண்டும் என்றும், படத்திலிருந்து வெட்டிவிட முடியாதபடி அது கட்டத்துக்கு உள்ளே இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். எழுத்துருவை மாற்றினோம். மூன்று பத்தியாக்கினோம். பொருளடக்கத்தில் கட்டுரைகளின் வரிசையிலிருந்து எடுத்து 'விளம்பரங்கள்' என்பதன் கீழ் சேர்த்தோம். 'நமது சிறப்புச் செய்தியாளர்' ஓய்வு பெற்றார்.

இவ்வளவும் அடையாளம் சம்பந்தப்பட்டது. ஒரு விளம்பரத்தைத் தெளிவாக விளம்பரம் என்று சொல்லிவிட்டால் அதை யார் படிப்பார்கள் என்ற கேள்வி அடுத்து வந்தது. நிறுவனமும் அதே கேள்வியைத்தான் கேட்டது, எங்கள் பொருளாளரும் அதையேதான் கேட்டார். பழைய பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு இரவு உட்கார்ந்தேன். 'திகழ்கிறது', 'இருகரம் நீட்டி' எல்லாவற்றையும் அடித்தேன். வல்லுநர்களை அனுப்பி வைத்தேன். நிர்வாக இயக்குநரின் பொன்மொழியை நீக்கினேன். மிச்சமிருந்தது ஆறு வரி: ஊர், வீடுகளின் எண்ணிக்கை, உணவு உண்டு, மருத்துவம் உண்டு, முன்பதிவுத் தொகை, தொலைபேசி எண். நேர்மையாக இருந்தது, எதற்கும் உதவாமலும் இருந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்தப் புகழுரை எல்லாம் தகவல்மேல் பூசிய சாயம் என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே தகவலே இல்லை, சாயம்தான் சுவராக நின்றிருக்கிறது. வெட்டித் திருத்தி இதை நல்ல பிரதியாக்க முடியாது. இல்லாததைக் கேட்டு வாங்கியாக வேண்டும்.

டீச்சரையும் அவர் கணவரையும் கேட்டேன், பணம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று. சார் ரயில்வேயில் இருந்தவர், ஒரு பழைய டைரித் தாளில் எழுதியே வைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டுதான் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பேருக்கு மாதம் எல்லாம் சேர்த்து எவ்வளவு? சாப்பாடு வேண்டாம் என்றால் குறையுமா? ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் அந்த வளாகத்தில் விழித்திருப்பவர் யார்? படுத்த படுக்கையானால்? வீடு பத்திரப்பதிவு செய்து தருவதா, வாழும்வரை தங்கும் உரிமையா? விற்க நினைத்தால் யாருக்கு விற்கலாம்? முன்பணத்தைத் திரும்பப் பெற என்ன விதி? ரயில் நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு இளைஞர் தொலைபேசியில் வந்தார். நல்ல பையன், கோபப்படவில்லை. "சார், நாங்களே காசு குடுத்து எங்க குறையை நாங்களே எழுதணுமா?" என்று கேட்டார். குறை எதையும் எழுத வேண்டாம் தம்பி என்றேன். வாங்க வருகிறவர் எப்படியும் ஒப்பந்தத்தில் படிக்கப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள், அவ்வளவுதான். மாதம் கட்ட முடியாதவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுத் திரும்புவதில் உங்களுக்கும்தான் என்ன லாபம்? இது அவருக்குப் பிடித்தது. பதில்கள் இரண்டு வாரத்தில் வந்தன.

பழைய பிரதியின் '24 மணி நேர மருத்துவ வசதி' என்ற சொற்களுக்குள் என்ன இருந்தது என்று இப்போது பாருங்கள். வளாகத்தில் காலை 8 முதல் இரவு 8 வரை ஒரு செவிலியர். மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். இரவில் காவலாளியும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் இருப்பார்கள். ஆம்புலன்ஸ் 24 மணி நேரமும் உண்டு என்பதால் அந்தச் சொற்கள் ஒரு விதத்தில் உண்மை. ஆனால் அதைப் படித்த டீச்சர் நினைத்தது இரவில் ஒரு நர்ஸ் இருப்பார் என்று. 'சில நிமிடத் தொலைவு' என்பதும் அப்படித்தான். எத்தனை நிமிடம் ஆனாலும் அது சில நிமிடம்தானே!

புதிய பிரதியின் மையப்பகுதியை இங்கே தருகிறேன். தலைப்பு: "கோவைக்கு அருகே முதியோர் குடியிருப்பு – இருவருக்கு மாதம் எவ்வளவு ஆகும்?"

"எங்கள் குடியிருப்பு கோவை ரயில் நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர். காரில் சுமார் ஒரு மணி நேரம். பேருந்து நிறுத்தம் வாயிலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு படுக்கையறை வீட்டின் கார்ப்பெட் ஏரியா 480 சதுர அடி. வீடு உங்கள் பெயரில் பத்திரப்பதிவு செய்து தரப்படும். குடியிருப்பவர்களில் ஒருவராவது 55 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பின்னால் விற்கும்போது வாங்குபவருக்கும் இதே விதி பொருந்தும்.

இருவருக்குப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 9,000 ரூபாய், உணவுக்கு 13,000 ரூபாய், ஆக 22,000 ரூபாய். பொதுச் சமையற்கூடத்தின் உணவுக்கட்டணம் எல்லாருக்கும் கட்டாயம். வெளியூர் செல்லும்போது முன்கூட்டித் தெரிவித்தால், 7 நாளுக்கு மேற்பட்ட நாட்களுக்கு உணவுக்கட்டணம் கழிக்கப்படும். கட்டணங்கள் ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும்.

பகல் நேரத்தில் செவிலியர் ஒருவர் இருக்கிறார். மருத்துவர் வாரம் இருமுறை வருகிறார். இரவில் ஆம்புலன்ஸ் உண்டு, செவிலியர் இல்லை. படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் பிரிவு எங்களிடம் இல்லை. தேவைப்படுவோர் தம் செலவில் ஆள் வைத்துக்கொள்ளலாம்."

அதன் பிறகு வீட்டின் விலை, ஆணையத்தின் பதிவு எண், இணையதள முகவரி, முன்பணத்தை ரத்து செய்யும் விதி. ரத்து விதியோடு இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்: பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. இது அதே 2016 சட்டத்தின் 13ஆவது பிரிவு. வேறு நிறுவனத்தில் வாங்குகிறவருக்கும் இந்த வரி பயன்படும்.

இதைப் படிக்கிறவர் இரண்டு விதமாக இருப்பார். மாதம் 22,000 முடியாது என்பவர் அங்கேயே நிறுத்திக்கொள்வார். முடியும் என்பவர் இன்னும் கவனமாகப் படிப்பார். இருவருக்குமே அந்தப் பக்கம் ஒரு வேலையைச் செய்துவிட்டது. பழைய பிரதி இருவரையும் ஒரேமாதிரி மயக்கி, ஒரேமாதிரி தொலைபேசி எண்ணுக்கு அனுப்பிவைத்தது.

ஆனால் இப்படி எழுதிய விளம்பரத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறைத்தால் நாங்களும் பழைய தவற்றையே வேறுவிதமாகச் செய்தவர்களாவோம். பக்கத்து ஊரில் இதைவிடக் குறைந்த செலவில், இரவுச் செவிலியரோடு ஒரு குடியிருப்பு இருந்தாலும் இந்தப் பிரதி அதைச் சொல்லாது, சொல்லும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ஒப்பிடுவது கட்டுரையின் வேலை. அதைப் பணம் வாங்காத ஒருவர், நேரில் போய்ப் பார்த்து, தன் பெயரைப் போட்டு எழுத வேண்டும். நல்ல விளம்பரத்தின் ஆபத்து இதில்தான் இருக்கிறது. தகவல் நிறைய இருப்பதாலேயே அது கட்டுரைபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும். எனவே பிரதி எவ்வளவுக்குப் பயனுள்ளதாகிறதோ அவ்வளவுக்கு அடையாளமும் அழுத்தமாக வேண்டும். மோசமான விளம்பரம் தன் பூச்சிலேயே காட்டிக்கொடுத்துவிடும், நன்றாக எழுதியது காட்டிக்கொடுக்காது. கட்டத்தையும் எழுத்துருவையும் பற்றி டி.டி.பி. செய்பவரிடம் நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்தது இதனால்தான்.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தோம். 'எங்கள்', 'உங்கள்' என்று பிரதி முழுதும் நேராகப் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 'எங்களிடம் இரவுச் செவிலியர் இல்லை' என்று எழுதும்போது பேசுபவர் யார் என்று ஒவ்வொரு வரியும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 'இக்குடியிருப்பில் சிறப்பான மருத்துவ வசதி உள்ளது' என்றால் பேசுகிறவர் காணாமல் போய்விடுகிறார். தமிழில் விற்பவர் தன்மையில் பேசுவது கூச்சத்துக்குரியது என்று ஏனோ ஒரு எண்ணம் வந்துவிட்டது. தாதர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்கிற அம்மாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. "என்கிட்ட இன்னிக்கு வந்தது, வாங்கிக்கோ" என்கிறார். அவர் விற்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, வாங்குகிறவருக்கு வேண்டிய தகவலும் அதில் இருக்கிறது.

பொருளாளரின் கவலையையும் சொல்ல வேண்டும். மலர் விற்று மலர் அச்சாவதில்லை, விளம்பரத்தால்தான் அச்சாகிறது. புதிய விதியைச் சொன்னதும் மனை விற்கும் ஒருவர் பின்வாங்கினார். 'விளம்பரம்னு போட்டா சாதா விளம்பரமே குடுத்துட்டுப் போறேனே, எதுக்குக் கட்டுரை?' என்றார். அது சரியான கேள்விதான், அவர் காலே பக்கம் சாதா விளம்பரம் கொடுத்தார். வரவு குறைந்தது உண்மை. குடியிருப்பு நிறுவனம் நின்றது, ஆனால் அடையாளத்தைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோகக் கேட்டது. முடியாது என்றோம். நிர்வாக இயக்குநரின் படத்தைப் போடக் கேட்டது. போடலாம் என்றோம், விளம்பரத்தில் அவர் படம் வருவதில் என்ன தவறு?

அச்சுக்குப் போகுமுன் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு டோம்பிவிலிக்குப் போனேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டார். மேலே 'விளம்பரம்' என்றிருந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். மாதக் கணக்கைக் கூட்டிச் சரிபார்த்தார். செவிலியர் வரிக்கு வந்ததும் கணவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முழுதும் முடித்துவிட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா, இருக்கறவங்க பாதி கட்டினாப் போதுமா, இல்ல முழுசும் கட்டணுமா? அது இதுல இல்லையே?"

எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. அன்றிரவே நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: உணவுக்கட்டணம் பாதியாகும், பராமரிப்புக் கட்டணம் மாறாது. ஒருவருக்கு மாதம் 15,500 ரூபாய். மாதச் செலவு பற்றிய பத்தியின் கடைசியில் அந்த வரி சேர்ந்திருக்கிறது. இந்த மலரிலேயே, விளம்பரங்கள் பகுதியில், கட்டத்துக்குள் பார்க்கலாம்.